புகாரைக் கொடுத்த மறுநாளிலிருந்து என்ன நடக்கும்?

கேள்வி

வழக்கறிஞர் அம்மாவுக்கு வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசராக நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் பிரிவு மேலாளர் பிப்ரவரி மாதத்திலிருந்து என்னிடம் தவறாக நடந்துகொள்கிறார். முதலில் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் மெசேஜ் வரும். என் உடையைப் பற்றி, உடம்பைப் பற்றி எழுதுவார். பதில் போடாமல் விட்டேன். மார்ச்சில் சாம்பிள் ரூமில் இரண்டு முறை தோளில் கை வைத்தார். கடைசியாக மே 12 அன்று இடுப்பில் கை வைத்து, "ஒத்துழைச்சா இன்க்ரிமென்ட் தானா வரும்" என்றார். கையைத் தட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அப்போது வாசல் பக்கம் சாம்பிள் டெய்லர் அக்கா ஒருவர் நின்றார். அவர் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். ஆனால் "என்னை இழுக்காதே, எனக்கு ரெண்டு பிள்ளைங்க" என்கிறார்.

ஹெச்.ஆரிடம் வாயால் சொன்னேன். "மூணு பேரும் உட்கார்ந்து பேசி முடிச்சிக்கலாம்" என்றார்கள். எங்கள் கேன்டீன் சுவரில் உள் புகார் குழு என்று ஒரு போர்டு இருக்கிறது. அதில் கொடுத்தால் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா? சாட்சி வராவிட்டால் பொய்ப் புகார் என்று என்னை வேலையை விட்டு எடுப்பார்களா? இந்த மாதத்தோடு என் அப்ரைசலை எழுதப் போவதும் அவர்தான். ஜூன் மாதமே முடியப் போகிறது. என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

சில நிறுவனங்களின் உள் புகார் குழுக்களில் நான் வெளி உறுப்பினராக உட்கார்ந்து வருகிறேன். அந்த மேசையிலிருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். புகார் நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் காகிதத்தில் முடிவாகிறது. நீங்கள் கொடுக்கும் காகிதம் ஒன்று, குழு எழுதும் காகிதம் இன்னொன்று. இரண்டும் ஒழுங்காக இருந்தால் சாட்சி தயங்கினாலும் வழி உண்டு. இரண்டில் ஒன்று கோணினாலும், குழு உங்களை முழுக்க நம்பினால்கூட, பின்னால் மேல்முறையீட்டில் எல்லாம் கலைந்துவிடலாம். அதனால் உங்கள் விஷயத்தையே எடுத்துக்கொண்டு, படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் நாள் கணக்கு

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-ல் வந்தது. போஷ் சட்டம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இதன்படி சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து எண்ண வேண்டும். உங்களுக்குக் கடைசிச் சம்பவம் மே 12. ஆகவே ஆகஸ்ட் 12 வரை உரிமையாகவே நேரம் இருக்கிறது. அதன் பிறகு தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால், அதைப் பதிவு செய்து குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். அதற்கும் மேல் போகக் குழுவுக்கு அதிகாரம் இல்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கொல்கத்தாவில் உள்ள ஒரு சட்டப் பல்கலைக்கழக வழக்கு 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. கடைசியாகச் சொல்லப்பட்ட சம்பவத்துக்கும் புகாருக்கும் நடுவில் எட்டு மாதம் ஓடிவிட்டது. பிறகு பதவியிலிருந்து நீக்கப்பட்டதையும் அந்தத் துன்புறுத்தலின் தொடர்ச்சியாகவே பார்க்க வேண்டும் என்று புகார்தாரர் வாதிட்டார். அது நிர்வாக நடவடிக்கை, தனி விஷயம் என்று சொல்லி, காலம் கடந்த புகார் என்ற முடிவை நீதிமன்றம் உறுதி செய்தது. ஆக, "இன்க்ரிமென்ட் வருதா பார்ப்போம், வரலைன்னா அப்போ கொடுப்போம்" என்று காத்திருப்பது ஆபத்து. மே 12-ஐ வைத்தே கணக்குப் போடுங்கள்.

ஹெச்.ஆர். சொன்ன பேச்சுவார்த்தை

ஹெச்.ஆர். வேறு, குழு வேறு. ஹெச்.ஆரிடம் வாயால் சொன்னது புகார் ஆகாது. சமரசம் என்று ஒரு வழியைச் சட்டமே தருகிறது, ஆனால் அதற்கு வரம்பு போட்டிருக்கிறது. புகார் கொடுத்த பிறகு, விசாரணை தொடங்கும் முன், பாதிக்கப்பட்ட பெண் கேட்டால் மட்டுமே குழு அதில் இறங்கலாம். நிர்வாகமோ எதிர்த்தரப்போ கேட்டு அது நடக்கக்கூடாது. பணம் கொடுத்து முடிப்பதும் கூடாது. சமரசம் ஆனால் அதை எழுதிப் பதிவு செய்து இரு தரப்புக்கும் நகல் தர வேண்டும். அதோடு விசாரணையும் நின்றுவிடும். அவர் சொன்ன சொல்லை மீறினால் நீங்கள் திரும்பக் குழுவிடம் வரலாம். உங்களுக்கு விருப்பம் இல்லையென்றால், "சமரசம் வேண்டாம், விசாரணை வேண்டும்" என்று புகாரிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். மூன்று பேர் உட்காரும் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போக வேண்டிய கட்டாயம் இல்லை.

போர்டில் உள்ள பெயர்களைப் பாருங்கள்

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் குழு இருக்க வேண்டும். கிளையோ யூனிட்டோ தனித்தனியாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் குழு வேண்டும். தலைவர், அந்த இடத்தில் மூத்த நிலையில் உள்ள ஒரு பெண். ஊழியர்களிலிருந்து குறைந்தது இரண்டு பேர். வெளியிலிருந்து ஒருவர்: பெண்கள் நலனுக்காக உழைக்கும் அமைப்பைச் சேர்ந்தவராகவோ இந்தப் பிரச்சினையை அறிந்தவராகவோ இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள்.

போர்டில் அந்த வெளி உறுப்பினரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் அந்த நாற்காலி காலி, அல்லது நிறுவனத்தின் ஆடிட்டர் போன்றவரின் பெயர் சும்மா எழுதப்பட்டிருக்கும். குழு அமைப்பிலேயே ஓட்டை இருந்தால், முடிவு உங்களுக்குச் சாதகமாக வந்தாலும் அவர் வழக்குப் போட்டு உடைப்பார். அதேபோல, உறுப்பினர்களில் யாராவது உங்கள் மேலாளருக்குக் கீழே வேலை பார்ப்பவராகவோ அவருடைய உறவினராகவோ இருந்தால், அவரை இந்த விசாரணையிலிருந்து விலக்கி வேறொருவரை வைக்கக் கேளுங்கள். இதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்பதுதான் சரி. முடிவு வந்த பிறகு சொன்னால், தோற்றதால் சொல்கிறார் என்பார்கள்.

குழுவே இல்லையென்றாலோ, புகார் முதலாளி மேலேயே இருந்தாலோ, மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள். உங்கள் புகார் மேலாளர் மேல், அதனால் நிறுவனக் குழுவே சரியான இடம்.

புகாரை எப்படி எழுதுவது

வருகிற புகார்களில் பாதி இப்படி இருக்கும்: "மேலாளர் பல மாதங்களாக என்னிடம் ஆபாசமாக நடந்து மன உளைச்சல் தருகிறார். தக்க நடவடிக்கை எடுக்கவும்." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு குழுவால் ஒரு கேள்விகூடக் கேட்க முடியாது. அவரும் "அப்படி எதுவும் நடக்கவில்லை" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்.

உங்கள் மே 12 பத்தியை இப்படி எழுதலாம்: "மே 12 அன்று மதியம் மூன்றரை மணி வாக்கில், பையருக்கு அனுப்ப வேண்டிய சாம்பிளைச் சரிபார்க்க சாம்பிள் ரூமுக்குப் போனேன். கட்டிங் மேசைக்கு வலப்பக்கம் நின்றிருந்தேன். அவர் பின்னால் வந்து இடது கையை என் இடுப்பில் வைத்து, 'ஒத்துழைச்சா இன்க்ரிமென்ட் தானா வரும்' என்றார். நான் கையைத் தட்டிவிட்டு வெளியே வந்தேன். வாசல் அருகே ஒரு சாம்பிள் டெய்லர் இருந்தார். அன்று மாலை ஆறு மணிக்கு என் அறைத் தோழியிடம் போனில் இதைச் சொன்னேன்." நேரம் சரியாக நினைவில்லை என்றால் "வாக்கில்" என்றே எழுதுங்கள். நினைவில் இல்லாததைத் துல்லியமாக எழுதி, பிறகு கேள்வியில் மாற்றிச் சொல்வதுதான் கெடுதல்.

ஒவ்வொரு சம்பவத்துக்கும் இப்படி ஒரு பத்தி எழுதி எண் போடுங்கள். அவர் சொன்ன வார்த்தை அசிங்கமாக இருந்தாலும் அதே வார்த்தையை எழுதுங்கள். "தகாத வார்த்தை" என்று நாகரிகமாக எழுதினால் குழுவுக்கு எதுவும் தெரியாது. வாட்ஸ்அப் மெசேஜ்களை நாளும் எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணையுங்கள். போனில் உள்ள மூலத்தை அழிக்காதீர்கள், போனை மாற்றவும் வேண்டாம்.

விதிப்படி ஆறு பிரதி, ஆவணங்கள், சாட்சிகளின் பெயர், முகவரி எல்லாம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பெற்றுக்கொண்டதாக ஒரு பிரதியில் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். மறுத்தால் தலைவருக்கும் வெளி உறுப்பினருக்கும் மின்னஞ்சலில் அனுப்பி, பதிவுத் தபாலிலும் போடுங்கள்.

அதே புகாரில் கேட்க வேண்டிய இரண்டு

ஒன்று, அப்ரைசல். நீங்கள் எழுத்தில் கேட்டால், விசாரணை முடியும் வரை அவர் உங்கள் வேலையை மதிப்பிடக்கூடாது, வேறு அதிகாரி எழுத வேண்டும் என்று குழு நிர்வாகத்துக்குப் பரிந்துரைக்கலாம். சட்ட விதியிலேயே இது பெயர் சொல்லி இருக்கிறது. அவரையோ உங்களையோ வேறு பிரிவுக்கு மாற்றவும், உங்களுக்கு உரிய விடுப்போடு கூடுதலாக மூன்று மாதம் வரை விடுப்பு தரவும் பரிந்துரைக்கலாம். இங்கே ஒரு எச்சரிக்கை. "உங்க பாதுகாப்புக்காக" என்று சொல்லிப் பெண்ணை ஒரு மூலைக்கு மாற்றிவிட்டு, அவரை அதே நாற்காலியில் விடுவது வழக்கமாக நடக்கிறது. மாற்றம் வேண்டாமென்றால் "அவரை மாற்றுங்கள், என்னை அல்ல" என்று தெளிவாக எழுதுங்கள்.

இரண்டாவது, கேமரா பதிவு. சாம்பிள் ரூமிலோ வெளி வராந்தாவிலோ கேமரா இருந்தால், அந்தப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி உடனே கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதியது பதிவாகிவிடும். மே 12 பதிவு இப்போதே போயிருக்கலாம். இருந்தாலும் கேட்டது காகிதத்தில் இருக்கட்டும்.

தபால் போக்குவரத்து

நீங்கள் ஜூலை 1 அன்று கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். ஏழு வேலை நாளுக்குள், அதாவது ஞாயிறு மட்டும் விடுமுறை என்றால் ஜூலை 9 வாக்கில், புகாரின் நகல் அவருக்குப் போக வேண்டும். கையில் கிடைத்த நாளிலிருந்து பத்து வேலை நாளுக்குள் அவர் எழுத்தில் பதில் தர வேண்டும், தன் சாட்சிகளின் பட்டியலோடு. ஜூலை மூன்றாவது வாரத்துக்குள் குழுவின் கையில் இரண்டு காகிதமும் இருக்கும். அவர் பதிலின் நகலை நீங்களும் கேட்டு வாங்குங்கள். அதில் அவர் எதை ஒப்புக்கொள்கிறார், எதை மறுக்கிறார் என்பதைப் பார்த்தாலே வழக்கு பாதி தெளிந்துவிடும். "மெசேஜ் அனுப்பினேன், அது விளையாட்டுக்கு" என்று எழுதியிருந்தால், மெசேஜை நிரூபிக்கும் வேலை உங்களுக்கு முடிந்தது.

புகாரைக் கொடுத்த நாளிலிருந்து பொதுவாக எண்ணிப் பார்த்தால், முழு விசாரணையும் 90 நாளில், அதாவது செப்டம்பர் கடைசிக்குள் முடிய வேண்டும்.

விசாரணை அறையில்

தலைவரையும் சேர்த்துக் குறைந்தது மூன்று உறுப்பினர்கள் இருந்தால்தான் அமர்வு செல்லும். இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து உங்களிடம் பேசினால், மூன்றாவது ஆள் வரட்டும் என்று சொல்லுங்கள். இரு தரப்பும் வக்கீலைக் கூட்டிவர முடியாது. வெளியில் ஒருவரிடம் ஆலோசனை கேட்பதற்குத் தடையில்லை.

முதல் அமர்வில் உங்களைத் தனியாக வைத்துக் கேட்பார்கள். புகாரைப் பத்தி பத்தியாக எடுத்து, "மேசை எங்கே இருந்தது? அவர் எந்தப் பக்கம் வந்தார்? அதற்குப் பிறகு யாரிடம் பேசினீர்கள்?" என்று போகும். உங்களைச் சோதிப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மற்றவர்களிடம் சரிபார்க்கக் கூடிய விவரங்களைத் தேடுகிறார்கள். சொன்னதை எழுதி முடித்ததும் படித்துப் பாருங்கள், தவறு இருந்தால் திருத்தி ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுங்கள். படிக்கக் கொடுக்காமல் கையெழுத்து கேட்டால் மறுக்கலாம்.

அவர் முன்னால் உட்கார வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் வேண்டாம். அவருக்கு உங்கள் வாக்குமூலத்தைக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு, அதைப் பறிக்க முடியாது. ஆனால் பல குழுக்கள் அந்தக் கேள்விகளை எழுதி வாங்கி, தாங்களே உங்களிடம் கேட்கின்றன. இல்லையென்றால் வேறு அறையில் காணொளி வழியாக நடத்துகின்றன. இந்த முறை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். எழுதி வாங்குவதால் இன்னொரு நன்மையும் உண்டு. "நீங்க இதுக்கு முன்னாடி வேற ஆணோட பழகினதுண்டா?" போன்ற கேள்விகளைக் குழு சம்பந்தமில்லை என்று அடித்துவிடலாம். "மே 12 அன்று மூன்றரை மணிக்கு நான் பையர் மீட்டிங்கில் இருந்தேனே?" என்பது நியாயமான கேள்வி, அதற்கு நீங்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். குழு அந்த மீட்டிங் பதிவேட்டைக் கேட்டு வாங்கும். ஆளை வரவழைக்கவும் ஆவணத்தைக் கொண்டுவரச் செய்யவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் குழுவுக்கு உண்டு.

டெய்லர் அக்கா விஷயமும் இங்கேதான் வருகிறது. நீங்கள் அவரை வற்புறுத்த வேண்டாம், பெயரை மட்டும் கொடுங்கள். குழு அழைத்தால் அது குழுவின் அழைப்பு. சாட்சியை வரவைக்க நிர்வாகம் உதவ வேண்டும் என்பது சட்டக் கடமை. "கையை வைத்ததைப் பார்க்கவில்லை, ஆனால் அந்தப் பொண்ணு முகம் சிவந்து வெளியே ஓடியது, பின்னாலேயே சார் வந்தார்" என்று மட்டும் அவர் சொன்னாலே அது பெரிய துணை.

அவர் ஒன்றுமே சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் வழக்கு விழுந்துவிடாது. கிரிமினல் வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு கதையில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதே இங்கே அளவுகோல். பிப்ரவரி மெசேஜ்கள் ஒரு போக்கைக் காட்டுகின்றன. அன்று மாலையே தோழியிடம் சொல்லியிருந்தால் அதை அந்தத் தோழி வந்து சொல்வார், போன் அழைப்புப் பட்டியல் நேரத்தைச் சொல்லும். மே 12-க்குப் பிறகு நீங்கள் தனியாக சாம்பிள் ரூம் போவதைத் தவிர்த்திருந்தால் அதுவும் யாருக்காவது தெரிந்திருக்கும். இத்தனையும் ஒரு பக்கம் நிற்க, "இல்லை" என்ற ஒற்றை மறுப்பு மறுபக்கம் நின்றால், குழு உங்களை நம்பக் காரணம் எழுத முடியும்.

"தட்டிக்கொடுத்தேன், தப்பான எண்ணம் இல்லை" என்று மேலாளர் சொல்லலாம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சில பெண்கள், மேலதிகாரி தங்கள் பின்னால் ஒட்டி நின்றதாகப் புகார் கொடுத்தார்கள். குழு அவர் குற்றம் செய்ததாகச் சொன்னது. தொழிலாளர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் குழுவின் முடிவை மீட்டது. செய்தவரின் உள்நோக்கத்தைவிட, அந்தச் செயல் விரும்பத்தகாததாக இருந்ததா என்பதே முக்கியம் என்று சொன்னது. ஆகவே அவர் மனதில் என்ன நினைத்தார் என்பதைக் குழு அளக்க வேண்டியதில்லை.

அவசரமும் ஒரு கேடுதான்

குழு உங்கள் பக்கம் இருந்து, அவருக்குப் பதில் சொல்ல நேரமே தராமல் பதினைந்து நாளில் முடித்தால் சந்தோஷப்படாதீர்கள். கோவா பல்கலைக்கழகத்தில் 2009-ல் ஒரு பேராசிரியர் மேல் புகார் வந்தது. குழு அடுத்தடுத்த நாள்களில் விசாரணையை வைத்து, அவர் அவகாசம் கேட்டும் தராமல் முடித்தது, அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தப் பணிநீக்கத்தை ரத்து செய்து, விசாரணையை அது தடம் மாறிய இடத்திலிருந்து மறுபடி நடத்தச் சொல்லித் திருப்பி அனுப்பியது. பதினான்கு வருடம் கழித்து, புகார் கொடுத்த பெண்கள் மறுபடி வந்து சாட்சி சொல்ல வேண்டிய நிலை. அவருக்கு நகல் கொடுத்தார்களா, அவர் சாட்சிகளைக் கேட்டார்களா என்று பார்ப்பதில் உங்களுக்கும் லாபம் இருக்கிறது.

அவர் வேண்டுமென்றே வராமல் இழுத்தால் அதற்கும் வழி உண்டு. போதிய காரணமின்றித் தொடர்ந்து மூன்று அமர்வுக்கு வராவிட்டால், 15 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு அவர் இல்லாமலே முடிவு சொல்லலாம். இதே விதி உங்களுக்கும் பொருந்தும். நீங்கள் மூன்று முறை வராவிட்டால் விசாரணையையே மூடிவிடலாம். உடம்புக்கு முடியவில்லை என்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

முடிவு வரும்போது

கண்டறிந்த முடிவுகளை, அறிக்கையை இறுதி செய்யும் முன் இருவருக்கும் கொடுத்து, மறுப்பு இருந்தால் சொல்ல வாய்ப்பு தர வேண்டும். இதைப் பல குழுக்கள் மறந்துவிடுகின்றன. விட்டுப்போன சாட்சியைச் சுட்டிக்காட்ட இதுவே நல்ல சமயம். விசாரணை முடிந்து 10 நாளில் அறிக்கை நிர்வாகத்துக்கும் இரு தரப்புக்கும் போக வேண்டும். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும், எந்த ஆதாரத்தை நம்பினோம், எதை ஏன் நம்பவில்லை என்று அதில் எழுதியிருக்க வேண்டும். "இரு தரப்பையும் விசாரித்ததில் புகார் நிரூபணமாகவில்லை" என்று ஒரே வரி இருந்தால் அந்த அறிக்கை பலவீனமானது. மேல்முறையீட்டில் முதலில் அடிவாங்குவது அதுதான்.

நிரூபணமானால், நிறுவனத்தின் பணி விதிப்படி தண்டனை. விதி இல்லையென்றால் எழுத்து மன்னிப்பு, எச்சரிக்கை, பதவி உயர்வையோ இன்க்ரிமென்டையோ நிறுத்துதல், பணிநீக்கம் வரை பரிந்துரைக்கலாம். அவர் சம்பளத்திலிருந்து பிடித்து உங்களுக்கு இழப்பீடு தரவும் சொல்லலாம். மன வேதனை, இழந்த வாய்ப்பு, மருத்துவச் செலவு, அவருடைய வருமானம் ஆகியவற்றைப் பார்த்துத் தொகையைக் கணக்கிடுவார்கள். அதனால் மருத்துவரிடம் போயிருந்தால் ரசீதை வைத்திருங்கள். பரிந்துரை கையில் வந்து 60 நாளுக்குள் நிர்வாகம் செயல்பட வேண்டும்.

நிரூபணம் ஆகாவிட்டால்? உங்கள் பெரிய பயத்துக்கு வருகிறேன். நிரூபிக்க முடியாமல் போனது வேறு, பொய்ப் புகார் வேறு. புகாரை நிறுவவோ போதிய ஆதாரம் தரவோ முடியவில்லை என்பதற்காக மட்டும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. பொய் என்று தெரிந்தே, கெட்ட நோக்கத்தோடு கொடுத்ததை விசாரித்து நிறுவினால்தான் அந்தப் பிரிவு வரும். டெய்லர் அக்கா வரவில்லை என்பதால் அந்தப் பிரிவு உங்கள் மேல் பாயாது.

முடிவில் எந்தத் தரப்புக்கு மனக்குறை இருந்தாலும் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். எந்த அதிகாரிக்குச் செய்ய வேண்டும் என்பதை அறிக்கை கிடைத்ததும் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போலீஸ் புகார் இதற்குத் தனி வழி. அதைக் கொடுப்பதா என்பது உங்கள் முடிவு. கொடுக்க விரும்பினால் நிர்வாகம் உதவ வேண்டும்.

இதற்கிடையில் புகார், பெயர், அறிக்கை எதையும் பொது வெளியில் போடாதீர்கள். இந்த ரகசியம் உங்கள் பெயரையும் சேர்த்தே காக்கிறது. குழுவில் உள்ளவர் கசியவிட்டால் அவர் மேல் அபராதம் கேட்கலாம்.

இந்த வாரம் மூன்று வேலைதான்: போர்டை போனில் படம் எடுங்கள், மெசேஜ்களைத் தனியே சேமியுங்கள், சம்பவங்களுக்கு எண் போட்டு எழுதி முடியுங்கள். அப்ரைசல் தாளில் அவர் கையெழுத்து விழுவதற்கு முன் புகார் குழுவின் கையில் இருக்க வேண்டும்.